ராகு மூடி, கேது பேனா

ஆண்டு மலர் அச்சுக்குப் போக நான்கு நாட்களே இருந்தபோது, வருவதாகச் சொன்ன ஒரு விளம்பரம் வராமல் போனது. 2 பக்கங்கள் காலி. குழுவில் கவிதை எழுதத் தெரிந்தவர்கள் அனைவரும் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தார்கள்; அதுவே தேவைக்கு மேல் இருந்தது. மலர்ப் பொறுப்பிலிருந்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ராசிபலன் மாதிரி ஏதாவது எழுதிக் கொடேன். தேர்வு முடிவு, கேன்டீன், தொலைந்துபோகும் பேனா, இப்படி. சிரிக்கும்படி இருக்கட்டும்" என்றார். பன்னிரண்டு பத்திதானே, ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

உண்மையில் ஒரு மாலையில்தான் முடிந்தது. "மேஷம்: இந்தப் பருவத்தில் நீ தேற மாட்டாய், போய்த் தூங்கு. ரிஷபம்: கேன்டீனில் உனக்குக் காலித் தட்டுதான்." இந்த ரகம். விடுதி நண்பர்களுக்குப் படித்துக் காட்டினேன். ஒருவன் மட்டும் மரியாதைக்குச் சிரித்தான். வார இறுதியில் வீட்டுக்குப் போனபோது பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். பஞ்சாங்கத்தைக் கண்ணாடி இல்லாமலே படிக்கக்கூடியவர் அவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதில் கிரகமே இல்லையே. எந்தக் கிரகம் எந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பையனைத் தூங்கச் சொல்கிறது?"

பகடி எழுதுகிற எவருக்கும் இதைவிடப் பயனுள்ள விமர்சனம் கிடைக்காது. நான் எழுதியது ராசிபலனின் பெயரை மட்டும் கடன் வாங்கிக்கொண்ட வசவு. படிப்பவர் முதல் வரியில் தன்னை அறியாமலேயே ஒரு நிஜமான ராசிபலனைப் படிக்கத் தொடங்க வேண்டும். குரு எங்கே, சனி எங்கே என்ற அந்தப் பழகிய தாளம் காதில் விழ வேண்டும். மூன்றாவது வாக்கியத்தில்தான் கால் வழுக்க வேண்டும். வழுக்குவதற்குத் தரை வேண்டும் அல்லவா? என் முதல் வரைவில் தரையே இல்லை.

அன்று இரவு பழைய வார இதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு ராசிபலன்களின் வினைச்சொற்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். அகலும், கைகூடும், வந்து சேரும், தலைதூக்கும், மேலோங்கும், நழுவிப்போகும். எல்லாம் தாமாகவே நடக்கின்றன. தடைகள் அகலுகின்றன, யாரும் அவற்றை அகற்றுவதில்லை. பணம் வருகிறது, யாரும் சம்பாதிப்பதில்லை. மனிதன் செய்வதாக வருகிற வினைகள் மிகவும் குறைவு, அவையும் பெரும்பாலும் மனத்துக்குள்ளேயே நடப்பவை: மகிழ்வீர்கள், சஞ்சலப்படுவீர்கள், உணர்வீர்கள். மாணவனுடைய வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் இல்லை என்று அப்போது தோன்றியது. அவன் எதையும் தொலைப்பதில்லை. பேனாதான் நழுவிப்போகிறது. அவன் தோற்பதில்லை. நிலுவைத் தாள்கள்தான் தலைதூக்குகின்றன.

அதோடு, நிஜ ராசிபலன் யாரையும் ஒருமையில் அழைப்பதில்லை. எவ்வளவு கெட்ட செய்தியாக இருந்தாலும் 'நீங்கள்'தான். நான் எழுதியிருந்த 'நீ'யையெல்லாம் 'நீங்கள்' ஆக்கினேன். "கேன்டீனில் உனக்குக் காலித் தட்டுதான்" என்பது, "உணவு விஷயத்தில் எதிர்பார்ப்புகளைச் சற்றுக் குறைத்துக்கொள்வது மன நிம்மதி தரும்" என்று ஆனது. செய்தி அதேதான். இரண்டாவதற்கு அந்த நண்பன் மரியாதைக்கு இல்லாமல் சிரித்தான்.

அடுத்தது கிரகங்கள். பாட்டி எனக்குப் பாடம் நடத்தினார். பன்னிரண்டு வீடுகளில் பேனாவுக்குத் தேவைப்பட்டவை மூன்று. ஆறாம் இடம் கடன், நோய், எதிரி ஆகியவற்றுக்கு உரியது. இரவல் கொடுத்த பேனா அங்கே போகும். பதினொன்றாம் இடம் லாபம். பன்னிரண்டாம் இடம் விரயம். கல்விக்கும் எழுத்துக்கும் உரிய கிரகம் புதன் என்பதால் பேனாவுக்குப் புதனே அதிபதி. இதில் எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

ஆனால் பாட்டி சாதாரணமாகச் சொன்ன ஒரு கணக்கு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. புதன் மேஷத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிஷப ராசிக்காரருக்குத் தன் ராசியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் மேஷம் பன்னிரண்டாம் இடம், அதாவது விரயம். மிதுன ராசிக்காரருக்கு அதே மேஷம் பதினொன்றாம் இடம், லாபம். ஆக, ஒரே நேரத்தில் ரிஷபம் தொலைக்கிறது, மிதுனம் பெறுகிறது. புதன் நகர்ந்து ரிஷபத்துக்கு வந்தால், இப்போது தொலைப்பது மிதுனம், பெறுவது கடகம். அதற்கடுத்து கடகம் தொலைக்க, சிம்மத்துக்குக் கிடைக்கும். புதன் பன்னிரண்டு ராசிகளையும் சுற்றிவர ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும். கல்வியாண்டுக்கும் அதே அளவு.

அதாவது, கல்லூரியில் பேனா தொலைவதே இல்லை. அது ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் போகிறது. ஆண்டு முடிவில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறது.

இது கிடைத்தவுடன் பழைய வரைவைக் கிழித்துப் போட்டேன். பன்னிரண்டு தனித்தனி நகைச்சுவைகளுக்குப் பதிலாக, ஒரே ஒரு நீல மைப் பேனா பன்னிரண்டு பத்திகளின் ஊடே நடந்து போவதாக எழுதலாம். தன் ராசியை மட்டும் படிப்பவருக்கு அது வெறும் பேனா பலன். பன்னிரண்டையும் வரிசையாகப் படிப்பவருக்கு மட்டும் இது ஒரே பேனா என்று தெரியும். யாராவது கண்டுபிடிப்பார்களா என்ற கவலை எனக்கு இருக்கவில்லை. ராசிபலனில் எவரும் தன் ராசியோடு நிறுத்துவதில்லை. அடுத்து, மனத்துக்குப் பிடித்தவரின் ராசியைப் படிப்பார்கள், அதற்கடுத்து எதிரியின் ராசியை.

ராகுவும் கேதுவும் இருந்த இடத்திலேயே கைகொடுத்தார்கள். புராணப்படி ராகு உடலில்லாத தலை, கேது தலையில்லாத உடல். ஜாதகக் கட்டத்தில் இருவரும் எப்போதும் ஒருவருக்கொருவர் ஏழாம் வீட்டில், நேர் எதிரே இருப்பார்கள், சேரவே மாட்டார்கள். பேனா மூடிக்கும் பேனாவுக்கும் உள்ள உறவை இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லிவிட முடியாது. ஆகவே சிம்மத்தில் எழுதினேன்: "ராகுவின் பார்வையால் மூடி மட்டும் உங்களிடம் தங்கும். அதைப் பத்திரமாக வைத்திருப்பீர்கள். எதற்கு என்று உங்களுக்கே தெரியாது." சிம்மத்துக்கு ஏழாம் இடமான கும்பத்தில்: "கேதுவின் சஞ்சாரத்தால் மூடியில்லாத பேனா ஒன்று சட்டைப்பையை வந்தடையும். நீல நிறத்தில் சுபச்செலவு உண்டு." கும்பம் என் சொந்த ராசி. எழுதுகிறவன் தன் ராசிக்கு நல்லதாக எழுதிக்கொண்டான் என்ற பேச்சு வரக் கூடாது என்று, அதோடு, "மாத இறுதியில் அதையும் ஒருவர் ஒரு நிமிடத்துக்கு என்று கேட்டு வாங்குவார்" என்று சேர்த்தேன்.

புதனின் வக்கிர கதியையும் விட மனமில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் போல, புதன் பின்னோக்கி நகர்வதாகத் தோன்றும். இரவல் போன பேனா திரும்பி வருவதற்கும் அதுதான் கணக்கு என்று கன்னி ராசியில் எழுதினேன். என் அனுபவத்தில் அது சற்றுத் தாராளமான கணக்கு.

பல ஆண்டுகள் கழித்து இந்தச் சங்கிலிக்கு ஒரு விஞ்ஞான உறவினர் இருப்பது தெரிந்தது. 2005 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மெல்போர்ன் நகர ஆராய்ச்சிக் கூடத்தினர் சிலர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தங்கள் அலுவலகத்தில் தேக்கரண்டிகள் எங்கே போகின்றன என்று கண்டறிய, 70 கரண்டிகளில் யாருக்கும் தெரியாமல் எண் பொறித்துப் புழக்கத்தில் விட்டு, எண்ணிக்கொண்டே வந்தார்கள். 5 மாதங்களில் 56 கரண்டிகளைக் காணவில்லை. அதில் என் கண்ணில் பட்டது இன்னொரு கணக்கு. எல்லோருக்கும் பொதுவான அறைகளில் போட்ட கரண்டிகளில் பாதி 42 நாட்களில் மறைந்துவிட்டன. குறிப்பிட்ட குழுவினர் மட்டும் புழங்கும் அறைகளில் பாதி மறைய 77 நாட்கள் ஆயின. பேனா விஷயத்தில் நாங்கள் அனுபவித்ததும் இதுதான். நூலகத்தின் பதிவேட்டுப் பக்கத்தில் வைத்த பேனா நூலால் கட்டப்பட்டிருந்தும் ஒரு வாரம் தாங்காது. நூல் மட்டும் இருக்கும். மூன்றாம் பெஞ்சுக்குள் சுற்றும் பேனா ஒரு பருவம் முழுக்கச் சுற்றும். கரண்டிக்கு மூடி இல்லாததுதான் அந்த ஆய்வின் ஒரே குறை.

தலைப்புப் பகுதிக்கும் ஒரு தீர்வு வேண்டியிருந்தது. நிஜ ராசிபலனில் ராசியின் பெயருக்குக் கீழே நட்சத்திரங்கள் இருக்கும்: அசுவினி, பரணி, கார்த்திகை 1-ஆம் பாதம். இருபத்தேழு நட்சத்திரங்களை நான்கு நான்கு பாதங்களாக்கி, ராசிக்கு ஒன்பது பாதம் என்று பங்கிடுவதால் வருகிற பின்னம் அது. எங்கள் கல்லூரியில் தன் நட்சத்திரம் தெரியாத மாணவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆகவே நட்சத்திரத்துக்குப் பதிலாக இருக்கையைப் போட்டேன். "மேஷம்: முதல் பெஞ்ச், இரண்டாம் பெஞ்ச், ஜன்னலோரம் 1-ஆம் பாதம்." யாருக்கும் தன் ராசி எது என்ற குழப்பம் வராது, பிடிக்காவிட்டால் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளலாம். விண்ணில் இருப்பவர்களுக்கு இல்லாத வசதி இது.

கேன்டீன் பலன் சுலபமாக வந்தது. அதை அதிகம் வளர்க்கவும் இல்லை. எந்த ராசிக்கும் "வரிசையில் காத்திருப்பு நீடிக்கும்" என்று துணிந்து எழுதலாம், பெரும்பாலும் பலிக்கும். நான்கு பேர் மட்டும் நிற்கும் நேரத்தில் குட்டை வரிசையைப் பார்க்கிறவர்கள் அந்த நான்கு பேர்தான். நாற்பது பேர் நிற்கும்போது நெட்டை வரிசையைப் பார்க்கிறவர்கள் நாற்பது பேர். இடைவேளை மணி அடித்ததும் எல்லா வகுப்பும் ஒன்றாகத் திறக்கிற இடத்தில், குட்டை வரிசை என்று ஒன்று இருப்பதற்கே சாட்சி குறைவு. கேன்டீன் நடத்தியவர் ஒருமுறை, "காலை பதினொன்றரைக்கு இங்கே ஈ ஆடும் தம்பி, நீங்கள்தான் வருவதே இல்லை" என்றார். பதினொன்றரைக்கு நாங்கள் வகுப்பில் இருந்தோம், அல்லது இருப்பதாக வருகைப் பதிவேடு சொன்னது. விருச்சிகத்துக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை கொடுத்தேன்: "சுக்கிரன் அனுகூலமாக இருப்பதால் உங்களுக்கு முன்னால் நிற்பவர் வரை பண்டம் தாராளமாகக் கிடைக்கும்."

தேர்வு பலன்தான் கை நடுங்க வைத்தது.

முதலில் எழுதியவை எல்லாம் வானியல் கணக்கில் நின்றன, அதனால் ஆபத்தில்லாமல் இருந்தன. சந்திரன் ஒரு ராசியைக் கடக்க இரண்டே கால் நாள் போல ஆகும். ஒருவருடைய ராசிக்கு எட்டாம் இடத்தில் சந்திரன் இருக்கும் அந்த இரண்டே கால் நாள் அவருக்குச் சந்திராஷ்டமம்; புதிய முயற்சி கூடாது, பேச்சில் கவனம் வேண்டும். எங்கள் பருவத் தேர்வு 20 நாட்கள் நடந்தது. அந்த இருபது நாளில் சந்திரன் குறைந்தது ஒன்பது ராசிகளையாவது தொட்டுவிடும். ஆகவே பன்னிரண்டில் ஒன்பது ராசிக்காரர்களுக்காவது தேர்வுக்கு நடுவே சந்திராஷ்டமம் உறுதி. "மீதி மூன்று ராசிக்காரர்கள் தோல்விக்கு வேறு காரணம் தேடிக்கொள்ளவும்" என்று அடிக்குறிப்புப் போட்டேன். சனியும் அப்படித்தான். பன்னிரண்டாம் இடம், ஜென்ம ராசி, இரண்டாம் இடம் ஆகிய மூன்றிலும் சனி இரண்டரை ஆண்டு வீதம் இருக்கும் ஏழரை ஆண்டு எப்போதும் மூன்று ராசிகளுக்கு நடந்துகொண்டிருக்கும். ஆக, எந்த வகுப்பிலும் நான்கில் ஒருவர் எந்த நேரமும் ஏழரைச் சனியில் இருப்பார். மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முழுவதுமே அதற்குள் அடங்கிவிடும், நிலுவைத் தாள் எழுதவும் நாலரை ஆண்டு மிச்சம் இருக்கும். இதற்கு மட்டும் பாட்டி வாய்விட்டுச் சிரித்தார்.

இவற்றோடு நிறுத்தியிருக்க வேண்டும். பேனா பலனில் நான் துல்லியமாக எழுதியிருந்தேன், கிழமையும் பாடவேளையும் போட்டு. அதில் வரும் சுகம் ஒருவிதப் போதை. அந்தப் போதையிலேயே துலாம் ராசியின் தேர்வு பலனுக்கும் ஒரு பரிகாரம் எழுதிவிட்டேன்: "முதல் தாளில் முதல் கேள்வியை ஏறெடுத்தும் பார்க்காமல் இருப்பது உத்தமம்."

மலர் வெளியான முதல் வாரம் திருவிழாதான். நீலப் பேனாவின் பயணத்தை இரண்டாம் நாளே ஒரு பெண் கண்டுபிடித்து, பன்னிரண்டு பத்திகளையும் அம்புக்குறிகளால் இணைத்துத் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். மூன்றாம் நாள் மகர ராசிக்காரர் ஒருவர் மூச்சிரைக்க வந்தார். "அண்ணா, செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளை என்று எழுதியிருந்தீர்கள். சரியாக அதே நேரத்தில் பேனாவைக் காணவில்லை!" அன்று மட்டும் நான்கு பேர் வந்தார்கள். எனக்கே ஒரு கணம் உடல் சிலிர்த்தது.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். கல்லூரியில் ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு பேர். ராசிக்கு நூறு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். எந்த ஒரு வகுப்பு நேரத்திலும் அந்த நூறு பேரில் நான்கு பேர் பேனாவைத் தேடுவது அதிசயம் இல்லை. தேடிய நால்வரும் என்னிடம் வந்தார்கள். பேனா பையிலேயே இருந்த தொண்ணூற்றாறு பேரில் ஒருவரும், "உங்கள் பலன் பொய்த்துவிட்டது" என்று சொல்ல வரவில்லை. ஏன் வர வேண்டும்? பேனா இருக்கிறதே. உளவியலில் இதற்கு ஒரு புகழ்பெற்ற முன்கதை உண்டு. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்று வைத்து, ஆளுக்கொரு தனிப்பட்ட முடிவு என்று சொல்லித் தாள்களைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள்; அதில் இருந்த வாக்கியங்களில் பெரும்பாலானவை கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கியவை. ஃபோரர் எல்லாருக்கும் பொருந்தும்படி எழுதிப் பலிக்க வைத்தார். நான் யாரோ நான்கு பேருக்குப் பொருந்தும்படி எழுதி, மற்றவர்களின் மௌனத்தால் பலிக்க வைத்தேன்.

தேர்வு தொடங்கி முதல் தாள் முடிந்த அன்று மாலை, துலாம் ராசி மாணவன் ஒருவன் நூலகப் படிக்கட்டில் என் அருகில் வந்து உட்கார்ந்தான். முதலாண்டு. கோபமாக இல்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அண்ணா, முதல் கேள்வியை விட்டுவிட்டேன்."

நான் சிரிக்க முயன்றேன். "விளையாட்டுக்குத்தானே எழுதினேன்?"

"தெரியும் அண்ணா. எனக்கும் விளையாட்டாகத்தான் இருந்தது. பதற்றத்தில் கேள்வித்தாளைப் பிரித்ததும் அந்த வரிதான் நினைவுக்கு வந்தது. சரி, கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன். கடைசியில் நேரம் இல்லை."

முதல் கேள்வி கட்டாயக் கேள்வி. பத்துச் சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். எதையும் படிக்காதவனும் அதில் பத்துப் பன்னிரண்டு எடுப்பான். அவன் தேறிவிட்டான் என்று பின்னால் தெரிந்தது, எல்லைக்கோட்டுக்கு மிக அருகில். அதுவரை ஆறு வாரம் நான் அவனைக் காணும்போதெல்லாம் வேறு வழியில் போனேன்.

அவன் அதை நம்பவில்லை. நம்பாமலே பின்பற்றினான். பகடி எழுதும்போது இந்த இடத்தை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. பயந்த மனத்துக்கு ஏதாவது ஒரு வரி வேண்டும், அது எங்கிருந்து வந்தது என்று அந்த நேரத்தில் கேட்காது. நிஜ ராசிபலன் எழுதுகிறவர்கள் இதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்கள் பரிகாரமாகச் சொல்வது விளக்கேற்றுவது, பசித்தவருக்குச் சோறு போடுவது. செய்தாலும் செய்யாவிட்டாலும் யாருக்கும் இருபது மதிப்பெண் போகாது.

அடுத்த ஆண்டு மலருக்கும் என்னையே எழுதச் சொன்னார்கள். தேர்வு பலனில் மாணவனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எல்லாப் பலனும் கேள்வித்தாளுக்கும், மேற்பார்வையாளருக்கும், தேர்வு அறை மின்விசிறிக்கும்தான். "கடகம்: உங்கள் தலைக்கு மேலுள்ள விசிறிக்கு ஜென்மச் சனி நடப்பதால் சத்தம் உண்டு, காற்று இல்லை." பரிகாரங்களில் மட்டும் நகைச்சுவையை விட்டுவிட்டேன், ஆனால் குரலை விடவில்லை. "தேர்வு அறை எண்ணை முந்தைய நாளே தரிசித்து வருவது சகல தோஷமும் நீக்கும்." "பதிவெண்ணை விடைத்தாளில் மும்முறை சரிபார்ப்பது சனிப் பிரீதி." "இரண்டாவது பேனா ஒன்றை உடன் எடுத்துச் செல்வது புதனுக்கு உகந்தது." அந்த ஆண்டு தேர்வின்போது அறைகளின் வாசலில் முந்தைய நாள் மாலை ஒரு கூட்டம் நின்று எண்களைத் தேடிக்கொண்டிருந்தது. என் எழுத்தால் வந்த கூட்டம் என்று சொல்ல மாட்டேன். ஃபோரர் கோபித்துக்கொள்வார்.

முதல் ஆண்டு மலரில் ஒரு கடன் பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டில் கடைசி ராசிக்கு எந்த இதழிலும் வஞ்சனை நடக்கும். மேஷத்துக்கு எழுதும்போது கைக்கு உற்சாகம் இருக்கும், பக்கத்தில் இடமும் இருக்கும். மீனத்துக்கு வரும்போது இரண்டும் தீர்ந்திருக்கும். எங்கள் அச்சகத்தில் பக்கம் அமைத்தவர் மேஷத்திலிருந்து கும்பம் வரை தாராளமாக இடைவெளி விட்டு, மீனத்தில் மூன்று வரி மிஞ்சியதும் வெட்டிவிட்டார். பிழை திருத்தும்போது நானும் கும்பம் வரை கவனமாகப் படித்தேன்.

மீனம்தான் பேனாவின் கடைசி நிறுத்தம். கும்பம் தொலைப்பதை மீனம் பெறுகிறது. மீனம் தொலைத்தால் அது மேஷத்துக்கு, முதலில் தொலைத்தவனிடமே போய்ச் சேரும். அந்த முடிவுக்காகத்தான் முழுவதையும் எழுதியிருந்தேன். அச்சில் வந்தது இவ்வளவுதான்: "லாப ஸ்தானத்தில் புதன் இருப்பதால் நீலப் பேனா ஒன்று உங்களை வந்தடையும். அதை உரியவரிடம் சேர்க்க விரும்புவீர்கள். ஆனால்"

முற்றுப்புள்ளிகூட இல்லை.

மலர் வந்த மாதக் கடைசியில் ஒரு மீன ராசிக்காரன் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தான். "அண்ணா, இந்த 'ஆனால்' நல்ல ஆனாலா, கெட்ட ஆனாலா?" என்றான். விடுபட்ட வரிகளைச் சொன்னேன். உரியவர் யாரென்று தெரியாமல் நீங்களும் அதைத் தொலைப்பீர்கள், அது தானாகவே மேஷத்தை அடையும் என்று. அவனுக்கு மிகவும் பிடித்துப்போனது. "ஒரு நிமிடம் பேனா கொடுங்கள் அண்ணா, ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன்" என்று வாங்கி, சுவரில் தாளை வைத்து நிதானமாக எழுதினான். நன்றி சொன்னான். மணி அடித்தது, ஓடினான்.

அந்த வாரம் வீட்டுக்குப் போய்ப் பையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தேன். என்ன தேடுகிறாய் என்று பாட்டி கேட்டார். சொன்னேன். பஞ்சாங்கத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்:

"வாங்கிக்கொண்டு போனவன் என்ன ராசி?"